அடுப்பறிந்த கை அஞ்சலாமா?

தோசைக்கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, அது உருண்டு ஓடும் விதத்திலேயே சூடு போதுமா போதாதா என்று சொல்லிவிடுகிறீர்கள். எண்ணெய்யில் ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டு, அது எழும்பி வரும் வேகத்தில் வடை தட்ட நேரம் வந்ததா என்று கண்டுபிடிக்கிறீர்கள். அடுத்த அறையில் இருந்தாலும் கடுகு வெடித்து ஓய்ந்தது உங்கள் காதுக்குத் தெரிகிறது. இத்தனை அளவையும் கணக்கையும் கையோடு வைத்திருக்கிற நீங்கள், வீட்டு உபயோகப் பொருள் கடையில் வரிசையாய் நிற்கும் மூன்று பெட்டிகளுக்கு முன்னால் ஏன் வாயடைத்து நிற்க வேண்டும்?

ஏர் ஃபிரையர், மைக்ரோவேவ் அவன், ஓடிஜி. இந்த மூன்று பெயரைக் கேட்டதும் அடுப்படியில் முப்பது வருடம் ஆண்டவர்கள்கூட, "நீங்களே ஒண்ணு நல்லதா பார்த்துக் குடுங்க தம்பி" என்று விற்பனையாளர் கையில் முடிவை ஒப்படைத்துவிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "எல்லாத்தையும் ஒண்ணா செய்யுற மாடல் இருக்கு மேடம், ஆஃபர்ல வேற இருக்கு" என்று அலமாரியின் மேல்தட்டைக் காட்டுவார். தலையாட்டிவிடாதீர்கள்! அந்தப் பெட்டியைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும். உங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை கிலோ கறி வறுபடுகிறது, இரவுக் குழம்பு எத்தனை முறை சூடாகிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சரியான பெட்டியைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாவது அறிவுதான். அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

சமையலறை இயந்திரங்கள் என்றாலே மெத்தப் படித்தவர்கள் விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மைக்ரோவேவ் அவனைக் கண்டுபிடித்த அமெரிக்கர் பெர்சி ஸ்பென்சர், சிறுவனாக இருக்கும்போதே பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனவர். ரேடார் கருவிகளுக்கான மேக்னெட்ரான் குழாயோடு வேலை செய்துகொண்டிருந்தவர், 1945இல் அதே அலைகளைக் கொண்டு உணவைச் சூடாக்கலாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பக்கத்தில் நின்று கவனித்துத் தேர்ந்த கையில் பிறந்த பெட்டி அது. கவனித்துத் தேர்ந்த கை உங்களுடையதும்தான்.

சரி, வேலைக்கு வருவோம். அடுப்பில் சூடு எங்கிருந்து வருகிறது? அடியிலிருந்து. நெருப்பு பாத்திரத்தைச் சுடுகிறது, பாத்திரம் பண்டத்தைச் சுடுகிறது. இட்லியில் நீராவி சுடுகிறது, அப்பளத்தில் எண்ணெய் சுடுகிறது. எந்தப் பண்டத்துக்கு எந்தச் சூடு என்று நீங்கள் தினமும் முடிவெடுக்கிறீர்கள். இந்த மூன்று பெட்டியிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்: "நீ எங்கிருந்து சுடுகிறாய்?"

மைக்ரோவேவ், உணவில் இருக்கிற தண்ணீரைப் பிடித்துச் சுடுகிறது. அலைகள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ளே போய், அங்குள்ள நீர் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடேற்றுகின்றன. ஆகவே சோறு, குழம்பு, பால், பொரியல் என்று ஈரமுள்ள எல்லாம் அதற்கு எளிது. அதே காரணத்தால் வறுவலும் வடையும் அதில் சொதசொதவென்று ஆகிவிடுகின்றன. உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி மேல்தோலுக்கு வரும், அந்தத் தோலை உலர்த்த அங்கே சூடான காற்று கிடையாது. சப்பாத்தியை அரை நிமிடம் கூடுதலாக வைத்தால் தோல் செருப்பு போல விறைப்பதும் இதனால்தான். அதில் இருந்த தண்ணீர் போய்விட்டது. மாறாக, பச்சை அப்பளத்தைத் தட்டில் வைத்து முக்கால் நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதில் இருக்கிற கொஞ்சம் ஈரமே ஆவியாகிப் பொங்கி, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் அப்பளம் பொரிந்து நிற்கும்.

ஏர் ஃபிரையர் காற்றால் சுடுகிறது. மேலே ஒரு சூடேற்றும் சுருள், அதற்கும் மேலே ஒரு வேகமான விசிறி. சிறிய கூடைக்குள் 180, 200 டிகிரிச் சூட்டில் காற்று சுழன்று பண்டத்தின் மேல்தோலை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. பெயரில்தான் பொரிப்பது இருக்கிறது, செய்கிற வேலை சுடுவது. 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது உருளைக்கிழங்கு வறுவலைத்தான் முன்னால் வைத்தது. நம் வீட்டு எண்ணெய்ச் சட்டியோ வேறு கதை. பஜ்ஜி மாவு, உளுந்து வடை மாவு இரண்டையும் இதில் போட்டால் எண்ணெய்யில் விழுந்தவுடன் இறுகுவது போல இறுகாது. துளைகள் வழியே கீழே ஒழுகும், விசிறி அடிக்கிற திசைக்குச் சாயும். வாழைக்காய், சேனை, வெண்டைக்காய், மசாலா தடவிய வஞ்சிரத் துண்டு, கோழி, கட்லெட் இவற்றுக்கு அது அருமையான கருவி. பஜ்ஜிக்காக வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

ஓடிஜி என்பது மேலும் கீழும் கம்பிகள் சிவந்து சுடுகிற பெட்டி. அடுப்பு கீழே மட்டும் சுடும், இது மேலேயும் சுடும். கேக், பிஸ்கட், ரொட்டி, பன்னீர் டிக்கா, முழுக் கோழி என்று நடுவரை வெந்து மேலே பொன்னிறம் ஏற வேண்டியதற்கெல்லாம் இதுதான். பத்து நிமிடமாவது காலியாகச் சூடேறிய பிறகுதான் பண்டத்தை உள்ளே வைக்க வேண்டும். பொறுமை கேட்கிற பெட்டி. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களைப் பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத வரை தாராளமாக வைக்கலாம் என்பது நம் வீடுகளுக்குப் பெரிய வசதி.

இவ்வளவுதான். ஈரத்தோடு சூடாக வேண்டுமானால் மைக்ரோவேவ். மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டும், அளவும் குறைவு என்றால் ஏர் ஃபிரையர். உள்ளே வெந்து மேலே சிவக்க வேண்டும், அளவும் அதிகம் என்றால் ஓடிஜி. இட்லிக்கும் தோசைக்கும் பொங்கலுக்கும் தாளிப்புக்கும் உங்கள் அடுப்பே ராஜா. மூன்றில் எதுவும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. மைக்ரோவேவில் சோறு வடிக்கலாம் என்பார்கள், வடிக்கலாம்தான். ஆறு பேருக்கான அரிசியைக் குக்கர் அதைவிடச் சீக்கிரம் வேகவைத்து, ஆவியையும் அடக்கி வைத்திருக்கும். உங்கள் குக்கரை யாரும் மட்டம் தட்ட விடாதீர்கள்.

அடுத்தது கொள்ளளவு. பெரும்பாலான வீடுகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பெட்டியின் மேல் 4 லிட்டர், 20 லிட்டர், 30 லிட்டர் என்று போட்டிருக்கும். லிட்டர் என்பது உள்ளே இருக்கிற மொத்த வெற்றிடத்தின் அளவு. நீங்கள் சமைப்பது வெற்றிடத்திலா? தட்டின் மேல், கூடையின் அடியில்! ஏர் ஃபிரையரில் 4 லிட்டர் என்றால் 4 லிட்டர் வறுவல் வராது. காற்று எல்லாப் பக்கமும் பட வேண்டுமானால் கோழித்துண்டும் கட்லெட்டும் ஒரே அடுக்காக, தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அடுக்கி நிரப்பினால் மேலே கருகும், நடுவில் வெளுத்து வேகும். நறுக்கிய வெண்டைக்காய் போன்றதை மட்டும் கொஞ்சம் குவித்துப் போட்டு, நடுநடுவே கூடையை எடுத்துக் குலுக்கிவிடலாம்.

அதனால் கடைக்குப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துப் போங்கள். தையல் டேப் போதும். கூடையின் அடிப்பக்கத்தை அளந்து பாருங்கள். 4 லிட்டர் வகையில் அது ஏறத்தாழ 20க்கு 20 சென்டிமீட்டர் இருக்கும், அதாவது 400 சதுர சென்டிமீட்டர். வீட்டில் ஒரு செய்தித்தாளில் அதே அளவு சதுரம் வெட்டி, உங்கள் வீட்டுக் கட்லெட்டை அதன்மேல் அடுக்கிப் பாருங்கள். ஆறு சென்டிமீட்டர் அகலக் கட்லெட்டுக்கு இடைவெளியோடு ஏழுக்கு ஏழு, அதாவது 49 சதுர சென்டிமீட்டர் வேண்டும். ஒரு முறைக்கு எட்டு. இந்த எட்டு என்கிற எண்ணை உங்களிடம் சொல்லக்கூடிய ஒரு விளம்பரமாவது உண்டா? ஒரு துண்டுச் செய்தித்தாள் சொல்லிவிட்டது!

இனி அந்த எட்டை உங்கள் வீட்டு ஆட்களால் வகுக்க வேண்டும். இங்கேதான் நான் கத்திச் சொல்ல விரும்புகிறேன். ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் தட்டின் முன் உட்காருகிறார்கள் என்று எண்ணுங்கள். கூட்டுக் குடும்பமாக ஆறு பேர் இருக்கலாம். மாலை நாலரைக்குப் பசியோடு வருவது இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால், அந்த வேளைக்கு அது இரண்டு பேர் வீடு. வீட்டில் மூன்றே பேர் இருந்தாலும், வாரா வாரம் அக்கா குடும்பம் வந்து ஏழு பேராகச் சாப்பிடுகிறார்கள் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது ஏழு பேர் வீடு.

ஈரோட்டில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாமனார், மாமியார், கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மனைவி ஆசிரியை, கணவனுக்கு ஜவுளிக் கடையில் வேலை, வீடு திரும்ப இரவு ஒன்பதரை. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. "நாமளும் ஒண்ணு வாங்கிடலாம்" என்று பேச்சு எழுந்து, 32 லிட்டர் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சூடாக்கும், கிரில் செய்யும், கேக்கும் செய்யும், ஒரே பெட்டியில் எல்லாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாமியார்தான் சொன்னார்: "மொதல்ல நம்ம வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க கண்ணு. அப்புறம் கடைக்குப் போலாம்."

எழுதினார்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று தலைப்பு: சூடாக்கியது, வறுத்தது பொரித்தது, சுட்டது. ஒரு வாரம் முடிந்ததும் சூடாக்கியது 17 முறை. கணவனுக்கு இரவுச் சோறும் குழம்பும், பிள்ளைகளுக்குப் பால், மாமனாருக்குக் கஞ்சி, மிஞ்சிய பொரியல். வறுத்தது பொரித்தது 4 முறை. அதில் மூன்று, பிள்ளைகளுக்கு மாலையில் செய்த தின்பண்டம். ஒன்று, ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைக் கோழி. சுட்டது ஒன்றும் இல்லை. சின்னவள் கேக் கேட்டாள் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே பதில் தெரிகிறது. இந்த வீட்டின் முதல் தேவை சூடாக்குவது. அதற்கு 20 லிட்டர் அளவிலான சாதாரண சோலோ மைக்ரோவேவ் போதும். அதன் சுழல்தட்டு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஒன்பதரைக்கு வருகிறவருக்கு ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் குழம்பு, அவ்வளவுதான். 32 லிட்டர் கன்வெக்‌ஷன் வாங்கியிருந்தால் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, அதையும் சோலோவாகத்தான் ஓட்டியிருப்பார்கள். எப்போதாவது கேக் செய்யும் நாளில் பெட்டி முக்கால் மணி நேரம் அதிலேயே மாட்டிக்கொள்ளும், அந்நேரம் கஞ்சியைச் சூடாக்க முடியாது. சதுரத் தட்டு வைத்தால் சுழலும்போது மூலை சுவரில் இடிக்கும். வட்டத் தட்டாகத் தேடி வாங்க வேண்டும்.

கன்வெக்‌ஷன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடையில் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இடம், மாதம் இரண்டு மூன்று முறையாவது கேக்கோ கிரில்லோ உறுதி என்கிற வீட்டுக்கு அது தக்க பெட்டிதான். ஆனால் அந்த உறுதி நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஆசையைச் சாட்சியாக ஏற்காதீர்கள்.

பிள்ளைகளின் மாலைத் தின்பண்டத்துக்கு வருவோம். ஆளுக்கு நாலு கட்லெட், மொத்தம் எட்டு. 4 லிட்டர் ஏர் ஃபிரையரில் ஒரே முறையில் முடிந்தது. சரியாகப் பொருந்துகிறது! அதே கூடையை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆறு பேருக்கு 24 கட்லெட் என்றால் மூன்று முறை ஓட்ட வேண்டும். ஒரு முறைக்குக் கால் மணி நேரம் வைத்தாலும் முக்கால் மணி நேரம். முதலில் சாப்பிட்டவர் கை கழுவும்போது கடைசி ஆளுக்கு இன்னும் தட்டு வரவில்லை. இரும்புச் சட்டியில் ஒரு முறைக்கு ஆறு, நாலு நாலு நிமிடம், மொத்தம் பதினாறு நிமிடத்தில் இருபத்து நாலும் முடிந்துவிடும். ஆகவே அந்த வீட்டின் ஞாயிறு, சட்டியோடேயே இருக்கட்டும். ஏர் ஃபிரையர் வாங்கினால் அது பிள்ளைகளின் நாலரை மணிக்காக மட்டும் என்று தெரிந்தே வாங்கட்டும். அப்படி வாங்கியவர்கள், "ஆறு பேருக்குப் பத்தவே மாட்டேங்குது" என்று புலம்ப வேண்டியிருக்காது.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. மாமனாருக்கு எண்ணெய்யைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கட்டளை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கூடையின் அளவை ஆறு பேருக்குப் பார்க்க வேண்டியதில்லை, அவர் ஒருவருக்கும் கூட உட்காரும் மாமியாருக்கும் பார்த்தால் போதும். சிறிய கூடையே தாராளம். இரண்டு வாழைக்காயை அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் பிசறிக் கால் மணி நேரம் ஊற வைத்து, 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் ஒரு முறை குலுக்கிவிடுங்கள். சட்டியில் எண்ணெய்யில் மிதந்து வருவதற்கு நிகராகுமா என்றால், ஆகாது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு கொஞ்சம் மாவாகவும் இருக்கும். இரண்டு தேக்கரண்டி எண்ணெய்யில் அது நல்ல வறுவல். எண்ணெய்யை அறவே விட்டுவிட்டால்தான் மசாலா தூளாக ஒட்டிக்கொண்டு, காய் தோல் போல வறண்டுபோகும். கிழங்கு வகையாக இருந்தால் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். மாவுச்சத்துள்ள பண்டம் கரும்பழுப்பாகும்வரை வறுபட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் அதில் கூடும்.

இனி, ஓடிஜிதான் சரி என்கிற வீடு எது? வாரம் ஒரு முறையாவது கேக்கோ பிஸ்கட்டோ ரொட்டியோ செய்கிற கை உள்ள வீடு. அல்லது ஐந்தாறு பேருக்குக் கோழியையும் பன்னீரையும் ஒரே நேரத்தில் சுட்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஆசைப்படுகிற வீடு. 30 லிட்டர் ஓடிஜியின் தட்டு ஏறத்தாழ 30க்கு 30 சென்டிமீட்டர், 900 சதுர சென்டிமீட்டர். ஏர் ஃபிரையர் கூடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் ஒரே ஈட்டில் நிறைய வரும். அரைக் கிலோ கேக்குக்கு மட்டும் என்றால் 16 முதல் 20 லிட்டரே போதும், ஏழு அங்குல வட்டத் தட்டு உள்ளே உட்காரும். அதற்கும் சிறியதாகப் போகாதீர்கள். கூரை தாழ்வாக இருந்தால் மேல்கம்பி கேக்கின் தலைக்கு மிக அருகில் வந்துவிடும். நடு வேகும் முன்பே மேல்பக்கம் கருகி வெடிக்கும். கருகிய கேக்கைப் பார்த்து, "எனக்குக் கைராசி இல்லை" என்று கண் கலங்கும் பெண்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, கம்பி கிட்டே இருந்தது, அவ்வளவுதான்! தட்டைக் கீழ்வரிசைக்கு இறக்குங்கள், மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள், மறுபடி செய்யுங்கள்.

பெட்டியை முடிவு செய்துவிட்டீர்கள். பணம் கொடுக்கும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள். மிக்ஸி மாட்டுகிற சின்ன பிளக் 6 ஆம்பியர். நம் ஊர் 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். ஏர் ஃபிரையரும் 30 லிட்டர் ஓடிஜியும் பெரும்பாலும் 1,400, 1,500 வாட்டுக்கு மேல்தான் இழுக்கின்றன. அவற்றுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் கட்டாயம் வேண்டும். பழைய வீடுகளில் சமையலறையில் அது ஒன்றுதான் இருக்கும், அதிலும் ஃபிரிட்ஜ் குடியிருக்கும். மாற்றுப் பின் போட்டுச் சின்ன பிளக்கில் செருகுவது, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இழுப்பது இரண்டும் கூடவே கூடாது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை வருகிறது என்றால் அந்த நிமிடமே அணையுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயர் இழுத்து, எர்த்தோடு ஒரு பவர் பாயின்ட் போடுங்கள். அந்தச் செலவையும் பெட்டியின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது, ஒரே பவர் பிளக்தான் என்றால், இரண்டு பெட்டி வாங்குகிற யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

கரண்ட் பில் என்றதும் நடுங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1,200 வாட் இழுக்கிற மைக்ரோவேவில் மூன்று நிமிடம் குழம்பு சூடாக்கினால் 0.06 யூனிட். பதினேழு முறை சூடாக்கினால்தான் ஒரு யூனிட்டைத் தொடும். 1,500 வாட் ஏர் ஃபிரையர் இருபது நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட். அதே வாட் ஓடிஜி, முன்சூடு பத்து நிமிடம், கேக் நாற்பது நிமிடம் என்றால் அதிகபட்சம் ஒன்றே கால் யூனிட். சூடு எட்டியதும் கம்பி அணைந்து அணைந்து எரிவதால் இதைவிடக் கொஞ்சம் குறையும். உங்கள் நோட்டில் இருக்கிற எண்களை இதனோடு பெருக்குங்கள். பயம் போய்க் கணக்கு கைக்கு வந்துவிடும். நாலு கட்லெட்டுக்கு ஓடிஜியைச் சூடேற்றுவது வீண் என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம் கடையிலேயே பார்க்க வேண்டியது. வீட்டில் அதிகம் தொடப்போகிறவர் யாரோ அவரை அழைத்துப் போங்கள். மாமியார் கை என்றால் மாமியாரே பொத்தானைத் தொட்டுப் பார்க்கட்டும். ஈரக்கையில் தொடுதிரை பல நேரம் சொன்ன பேச்சைக் கேட்காது. திருகுகிற குமிழ் இரண்டு இருந்தால் அம்மாக்கள் மறுநாளே பழகிவிடுவார்கள். அடுத்தது, பாத்திரம். நம் வீடு எவர்சில்வர் வீடு. மைக்ரோவேவுக்குள் எவர்சில்வர் போகக் கூடாது, தங்கக்கோடு போட்ட பீங்கானும் கூடாது, பொறி பறக்கும். சூடு தாங்கும் கண்ணாடிக் கிண்ணம் மூடியோடு நாலைந்து வாங்கினால்தான் அந்தப் பெட்டி வேலைக்கு ஆகும். ஒவ்வொரு முறையும் குழம்பைக் கிண்ணம் மாற்ற அலுத்துக்கொண்டே பெட்டியை மூலையில் தள்ளிய வீடுகள் எத்தனை! இரவுக் குழம்பை முதலிலிருந்தே கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் அந்த அலுப்பே இல்லை.

வீட்டுக்கு வந்துவிட்டதா? வைக்கிற இடம், கேஸ் அடுப்புக்கு ஒட்டியும் கூடாது, மர அலமாரிக்குள் இறுக்கியும் கூடாது. பின்னாலும் பக்கத்திலும் நாலைந்து அங்குலம் மூச்சு விட இடம் விடுங்கள். ஏர் ஃபிரையரையும் ஓடிஜியையும் முதல் நாள் ஜன்னலைத் திறந்து வைத்துக் காலியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். கம்பியில் இருக்கிற எண்ணெய்ப் பூச்சு எரிந்து லேசாகப் புகையும் வாடையும் வரும், பிறகு நின்றுவிடும். மைக்ரோவேவை மட்டும் எந்நாளும் காலியாக ஓட்டாதீர்கள். உள்ளே உணவு இல்லையென்றால் அலைகள் போக்கிடம் இல்லாமல் திரும்பி மேக்னெட்ரானையே பழுதாக்கிவிடும்.

பிறகு பெட்டியைச் சோதியுங்கள். அதன் முன்னால் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டாம், அதுதான் உங்கள் முன்னால் பரீட்சை எழுத வேண்டும்! மைக்ரோவேவுக்குச் சோதனை, ஒரு கண்ணாடி டம்ளரில் கால் லிட்டர் தண்ணீர், உள்ளே ஒரு மரக்குச்சி. குச்சி எதற்கென்றால், மழமழவென்ற கிண்ணத்தில் தண்ணீர் கொதிநிலை தாண்டியும் குமிழியே விடாமல் அமைதியாக இருந்து, தொட்டதும் பொங்கி மேலே தெறிக்கும். குச்சி இருந்தால் குமிழி விட இடம் கிடைக்கும். எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது என்று பாருங்கள். 800 வாட் பெட்டியில் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் பிடித்தால் உங்களுடையது மெதுவான பெட்டி, வீடியோக்களில் சொல்கிற நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓடிஜிக்குச் சோதனை, நாலு ரொட்டித்துண்டு. 180 டிகிரிக்குச் சூடேற்றி, தட்டின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றை வைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். எந்த மூலைத் துண்டு முதலில் சிவந்ததோ அந்த மூலைதான் கோபக்கார மூலை. கேக் வைக்கும்போது பாதி நேரம் தாண்டியதும் தட்டை ஒரு முறை திருப்பி வைத்தால் சரியாகும். ஏர் ஃபிரையருக்கு, ஒரே கனத்தில் நறுக்கிய உருளைக்கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, பத்தாவது நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். நடுவில் திறந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அடுப்பில் மூடியைத் திறந்து பார்ப்பது போலத்தான். கூடைக்குள் வெறும் காகிதத்தையோ கறிவேப்பிலையையோ மட்டும் போட்டுவிடாதீர்கள். விசிறி அதை மேலே இழுத்துச் சூடான சுருளில் ஒட்டவைத்துக் கருக்கிவிடும்.

மைக்ரோவேவில் சோற்றைச் சூடாக்கும்போது மேலே ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடியைச் சற்றே திறந்தாற்போல மூடி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்திக் கிளறி, மறுபடி ஒரு நிமிடம். நடுவிலிருந்து எடுத்த சோறும் ஆவி பறக்கச் சுட வேண்டும், ஓரம் சுட்டது கணக்கில்லை. இட்லிக்கு ஈரத்துணி போர்த்தி அரை நிமிடம் போதும். மதியம் வடித்த சோற்றை இரவு வரை மேடையிலேயே வைத்துவிட்டு மைக்ரோவேவ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். வெளியில் கிடந்த சோற்றில் கிருமி விட்ட நஞ்சு சூட்டில் அழியாது. ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

இப்படி முதல் இரண்டு வாரத்தில் உங்களுக்கென்று ஒரு நேரப்பட்டியல் பிறக்கும். ஒருவர் சோறு எத்தனை நிமிடம், குழம்பு எத்தனை, சேனை எந்த டிகிரியில் எவ்வளவு, எந்தத் தட்டு எந்த வரிசையில் என்று. அதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, பெட்டியின் பக்கச் சுவரில் ஒட்டாமல், சூடு படாத அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். ஒன்பதரைக்கு வருகிற கணவரும் நாலரைக்கு வருகிற பிள்ளைகளும் அதைப் பார்த்துத் தாங்களே சூடாக்கிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு முதல் சில நாள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, கிண்ணத்தைத் துணி பிடித்து எடுக்கவும், மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கவும் சொல்லிக் கொடுத்தால் போதும்.